ஞாயிறு நிற்க இடமில்லை, செவ்வாய் ஈ ஆடுகிறது

முப்பது டேபிள் உள்ள ஒரு அசைவ ஓட்டலை எடுத்துக்கொள்வோம். ஈரோடு, சேலம் மாதிரியான ஊரில் பைபாஸ் ஓரமாக, மதியமும் இரவும் மட்டும் நடக்கும் குடும்ப ஓட்டல். ஞாயிறு மதியம் ஒன்றரைக்கு வாசலில் இருபது பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். செவ்வாய் அதே நேரத்தில் பாதி டேபிள் காலி. இப்படிப்பட்ட ஓட்டலுக்கு எத்தனை சப்ளையர் வேண்டும்?

ஞாயிற்றுக் கூட்டத்தை நினைத்து ஆள் எடுத்தால் வாரநாள் சம்பளம் கையைக் கடிக்கும். செவ்வாயை நினைத்து எடுத்தால் ஞாயிறு வந்த குடும்பம் அடுத்த முறை எதிர்க்கடைக்குப் போகும். பெரும்பாலான முதலாளிகள் நடுவே ஒரு எண்ணைப் பிடித்து இரண்டு பக்கமும் நஷ்டப்படுகிறார்கள். தவறு எண்ணில் இல்லை, வாரம் முழுவதற்கும் ஒரே எண்ணைத் தேடுவதில்தான் இருக்கிறது.

முதல் வேலை பில் மெஷினிடம்தான். கடைசி ஆறு வாரப் பில்களை நாள்வாரியாக, மணிவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தீபாவளி, புரட்டாசி மாதிரியான வாரங்களைத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமையின் அசைவ வியாபாரத்தைச் சராசரியில் சேர்த்தால் ஆண்டு முழுக்கக் கணக்கு கோணலாகும். பார்சலையும் ஸ்விக்கி, ஸொமாட்டோ ஆர்டர்களையும் பிரித்துவிடுங்கள். அவற்றுக்குக் கட்டிக் கொடுக்க ஆள் வேண்டுமே தவிர சப்ளையர் வேண்டாம்.

மீதியிலிருந்து, கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எத்தனை டேபிள் நிறைகிறது என்று பார்க்கலாம். பிரியாணி, சுக்கா, ஆம்லெட் என்று தனித்தனியாகக் கேட்கும் குடும்பக் கூட்டத்தில் ஒரு சப்ளையர் மூன்று டேபிளைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். நம் ஓட்டலில் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளியில் பதினைந்து டேபிள் நிறைகிறது. ஐந்து பேர் போதும். புதன் கொஞ்சம் கூடுதல், ஆறு பேர். சனி எட்டு, ஞாயிறு பத்து. கூட்டினால் வாரத்துக்கு 44 டியூட்டி.

வாரத்துக்கு 48 மணி நேர வேலை, ஒரு நாள் ஓய்வு என்பது சட்டக் கணக்கு. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஒருவர் ஆறு டியூட்டி பார்ப்பார். 44-ஐ ஆறால் வகுத்தால் ஏழரைக்குச் சற்றுக் குறைவு. உடனே எட்டுப் பேரை வைக்கத் தோன்றும். எட்டுப் பேரும் வந்தாலும் ஞாயிற்றுக்கு இருவர் குறைவார்கள். அதற்காகப் பத்துப் பேரை நிரந்தரமாக வைத்தால் 60 டியூட்டிக்குச் சம்பளம் கொடுத்து, பதினாறு டியூட்டியைச் சும்மா நிற்க வைப்போம்.

என் கணக்கு ஏழு நிரந்தர ஆட்கள். திங்கள் இருவருக்கு ஓய்வு, செவ்வாய் இருவருக்கு, வியாழன் இருவருக்கு, வெள்ளி ஒருவருக்கு. அந்த ஏழு ஓய்வும் கூட்டம் குறைந்த நாள்களில் உட்கார்ந்துவிடுகிறது. புதனிலும் வெள்ளியிலும் தேவைக்கு மேல் ஒருவர் இருப்பார். அதை வெட்டக் கூடாது. காய்ச்சல் என்று ஒருவர் படுத்தால் தாங்குவது அந்த ஒருவர்தான். சனிக்கு ஒருவர், ஞாயிற்றுக்கு மூவர் பகுதிநேரமாக வந்தால் எண்ணிக்கை சரியாகிவிடும். பதினெட்டு வயது நிரம்பிய கல்லூரிப் பிள்ளைகள் இதற்குக் கிடைப்பார்கள். கூட்டம் நெரியும் நேரத்துக்கு மட்டும் வந்தால் போதும். அவர்களை ஆர்டர் எடுக்க விடாமல், இலை போட, தண்ணீர் வைக்க, கிச்சனிலிருந்து தட்டு எடுத்து வர வைத்தால், பழகிய ஏழு பேரும் கூடுதல் டேபிள்களையும் பார்த்துக்கொள்வார்கள்.

இதுவரை வெறும் கணக்கு. ஆட்கள் நிலைப்பதும் ஓடிவிடுவதும் ஞாயிற்று ஓய்வில்தான் இருக்கிறது. மேலே சொன்ன ஏற்பாட்டில் ஏழு பேரில் ஒருவருக்கும் ஞாயிறு ஓய்வே கிடையாது. பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை ஞாயிறு, சொந்தக்காரர் வீட்டு விசேஷமும் பெரும்பாலும் ஞாயிறு. மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் நல்ல சப்ளையர் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடுவார். அதனால் முறை வைத்து, வாரம் ஒருவருக்கு ஞாயிறு ஓய்வு கொடுக்கத்தான் வேண்டும். ஏழு வாரத்துக்கு ஒருமுறை அவரவர் முறை வரும். அன்றைக்குப் பகுதிநேர ஆள் ஒருவர் கூடுதலாக வரட்டும். அந்தச் செலவு, புது ஆள் தேடிப் பழக்கும் செலவைவிடச் சிறியது.

ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. சூபர்வைசர்கள் வழக்கமாக டியூட்டி சார்ட்டைத் திங்களில் தொடங்கி ஞாயிற்றில் முடிப்பார்கள். ஒருவருக்குத் திங்கள் ஓய்வு என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் அவருக்கு ஞாயிறு முறை வருகிறது. சார்ட்டில் வாரத்துக்கு ஒரு ஓய்வு சரியாகத்தான் தெரியும். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: முதல் வாரச் செவ்வாயிலிருந்து மறுவாரச் சனி வரை பன்னிரண்டு நாள் இடைவெளியில்லாமல் நின்றிருப்பார். ஞாயிறு கிடைத்தாலும் அவர் தூங்கித்தான் கழிப்பார்.

சார்ட்டை ஞாயிற்றில் தொடங்கினால் இது தீர்ந்துவிடும். ஞாயிறும் திங்களும் ஒரே வாரத்தின் பக்கத்துப் பக்கத்து நாள்களாகிவிடும். திங்கள் ஓய்வுக்காரருக்கு அந்தத் திங்களுக்குப் பதிலாக முந்தின நாளான ஞாயிறு கிடைக்கும். அதற்கு முன் ஐந்து நாள் வேலை, அதற்குப் பின் ஏழு நாள் வேலை, பிறகு வழக்கமான திங்கள் ஓய்வு. வாரத்துக்கு ஒரு ஓய்வு என்ற கணக்கும் பிசகாது. வியாழன் ஓய்வுக்காரருக்கு ஞாயிறு முறை வருவதாக இருந்தால், முந்தின வாரமே அவரைத் திங்களுக்கு மாற்றிவிட வேண்டும்.

மாஸ்டர்கள் விஷயம் வேறு. சப்ளையருக்குப் பதில் சப்ளையர் நிற்கலாம், பரோட்டா மாஸ்டருக்குப் பதில் யார் நிற்பது? மாவு பிசைந்து கொடுக்கும் உதவியாளருக்கு வாரநாள் சாயங்காலங்களில் வீசிப் பழக விட்டால்தான் மாஸ்டருக்கே ஓய்வு கிடைக்கும். அதுவரை சார்ட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதும் ஓய்வு ஏட்டளவில்தான்.

சார்ட் தவறாக இருக்கிறதா என்பதை ஞாயிறு ஒன்றரை மணிக்கு வாசலில் நின்றாலே கண்டுபிடிக்கலாம். ஆள் காத்திருக்க, உள்ளே டேபிள் காலியாக இருந்தும் எச்சில் இலை கிடந்தால் குறைவது சப்ளையர் அல்ல, கிளீனர். டேபிளில் உட்கார்ந்தவர்கள் கை உயர்த்திக்கொண்டிருந்தால் சப்ளையர் போதவில்லை. சப்ளையர்களே கிச்சன் ஜன்னலில் வரிசை கட்டி நின்றால் இன்னும் நான்கு சப்ளையர் வந்தாலும் பயனில்லை. அடுப்பில் ஆள் வேண்டும். பல ஓட்டல்களில் மூன்றாவதைப் பார்த்துவிட்டு முதலாளி சப்ளையரைத் திட்டிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, பிரேக் டியூட்டி. பதினொன்று முதல் மூன்றரை வரை, மறுபடி ஏழு முதல் பத்தரை வரை. மணிக்கணக்கில் எட்டுதான், கூட்டத்துக்கும் பொருந்துகிறது. ஓட்டல் ரூமிலேயே தங்குபவருக்கு இது சரி. பத்து மைல் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் வருபவருக்கு நடுவில் மூன்றரை மணி நேரம் எங்கேயும் போக வழியில்லை. அவர்களை நேர் டியூட்டியில் போடுவதே நியாயம். உட்கார ஒரு பெஞ்சும் மின்விசிறியும் இல்லாத ஓட்டல் பிரேக் டியூட்டி போடவே கூடாது.

ஓட்டல் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றில் தொடங்கும் சார்ட்டைப் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் சுவரில் ஒட்டி, வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள். சனி இரவு கடை சாத்தும்போது "நாளைக்கு யார் யாருப்பா?" என்று கேட்கும் நிலைமையை உங்கள் ஆட்களுக்கு வைக்காதீர்கள்.