சத்தமில்லாமல் நின்றுபோன வேலையை யார் சொல்வது?

2017 ஜனவரி 31 அன்று இரவு. மென்பொருள் எழுதுவோர் உலகெங்கிலுமிருந்து தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில், வெகுநேரமாகியும் வேலையில் இருந்த பொறியாளர் ஒருவர் ஒரு கட்டளையைத் தவறான சர்வரில் கொடுத்துவிட்டார். துணைத் தரவுத்தளத்தின் கோப்புறையைத் துடைப்பதாக நினைத்தார். துடைத்தது, தளத்தை அப்போது ஓட்டிக்கொண்டிருந்த முதன்மைத் தரவுத்தளத்தை. ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்திவிட்டார். ஆனாலும் சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிஞ்சியது.

பேக்கப் இருக்கிறதே என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தரவுத்தளத்தை நகலெடுத்து அமேசானின் சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. நகலெடுக்கும் pg_dump என்ற கருவியில் 9.2 பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது, தரவுத்தளமோ 9.6 பதிப்பில் இருந்தது. பதிப்பு ஒத்துவராததால், ஸ்கிரிப்ட் கிளம்பிய ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றுபோயிருக்கிறது.

பிழை வந்தால் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. மின்னஞ்சல்கள் கிளம்பவும் செய்தன. ஆனால் போலி மின்னஞ்சல்களைத் தடுக்க அந்த நிறுவனம் டிமார்க் என்ற சரிபார்ப்பு முறையைப் பயன்படுத்திவந்தது. ஸ்கிரிப்ட் அனுப்பிய கடிதங்களுக்கு அந்த ஏற்பாடு செய்யப்படவில்லை. அதனால் பெறும் பக்கத்து அஞ்சல் சர்வர் அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. கடிதம் வரவில்லை என்றால் எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது ஒரு தற்செயல். வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். அதிலிருந்து தளத்தை மீட்டார்கள். இடையில் நடந்த ஆறு மணி நேரத்துப் பதிவுகள் திரும்பவில்லை. ஏறக்குறைய 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் பாதிக்கப்பட்டன. இத்தனையையும் மறைக்காமல் பொதுவெளியில் எழுதிவைத்தது கிட்லேப் செய்த பெரிய நன்மை. நான் இங்கே சொல்ல வருவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு சம்பவம் எனக்குத் தெரியாது.

குறை எங்கே? தோற்றுப்போன வேலையே தன் தோல்வியை வந்து சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்ததில். பிழையோடு நின்ற ஸ்கிரிப்டாவது ஒரு கடிதம் எழுதப் பார்த்தது. ஸ்கிரிப்ட் கிளம்பவே இல்லை என்றால் கடிதம் எழுதக்கூட ஆள் இல்லை.

கிளம்பாமல் போவதற்குக் காரணங்கள் ஏராளம். பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறும்போது கோப்புகளை எல்லாம் கொண்டுபோனவர்கள், crontab என்ற நேர அட்டவணையை மட்டும் விட்டுவிடுவார்கள். ஸ்கிரிப்ட் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அந்தக் கணக்கின் கடவுச்சொல் காலாவதியானால், பல சர்வர்களில் அதன் வேலைகள் நின்றுவிடும். டெபியன், உபுண்டு சர்வர்களில் இன்னொரு பொறி இருக்கிறது. தினமும் ஓட வேண்டியவற்றை /etc/cron.daily என்ற கோப்புறையில் போடுவார்கள். அங்கே backup.sh என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்தால் அது என்றைக்குமே ஓடாது; பெயரில் புள்ளி இருக்கும் கோப்புகளை அந்த ஏற்பாடு தொடுவதில்லை. backup என்று மட்டும் பெயர் வைத்தால் ஓடும். பிழைச் செய்தி ஏதும் வராது. எவை ஓடும் என்று பார்க்க `run-parts --test /etc/cron.daily` என்று கேட்டால் பட்டியல் வரும். ஆனால் சந்தேகம் வந்தவர்தானே கேட்பார்?

ஆகவே முறையைத் தலைகீழாக்க வேண்டும். வேலை நல்லபடியாக முடிந்தால் ஒவ்வொரு முறையும் வெளியே உள்ள ஒரு காவலனுக்கு ‘முடித்துவிட்டேன்’ என்று தகவல் சொல்லட்டும். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை என்றால் காவலன் மணி அடிக்கட்டும். ரயில் எஞ்சினில் இதே ஏற்பாடு உண்டு. ஓட்டுநர் சிறிது நேரம் எந்த விசையையும் தொடாமல் இருந்தால் விளக்கு மின்னும், பிறகு ஒலி எழும்பும், அதற்கும் அசைவில்லை என்றால் பிரேக் தானே விழும். மயங்கிவிட்டவர் ‘நான் மயங்கிவிட்டேன்’ என்று சொல்வார் எனக் காத்திருப்பதில்லை. கணினியில் இதை இதயத்துடிப்புச் சோதனை என்கிறார்கள்.

காவலன் செய்வது மிக எளிய வேலை. ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் தனித்தனியாக ஓர் இணைய முகவரி தருகிறது. அந்த முகவரியை யாராவது தட்டினால், தட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. அடுத்து எப்போது தட்ட வேண்டும், எவ்வளவு தாமதம் பொறுக்கலாம் என்ற இரண்டும் அதற்குத் தெரியும். பொறுக்கும் நேரமும் கடந்தால் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்புகிறது. ஹெல்த்செக்ஸ் என்ற திறமூல மென்பொருள் இந்த வேலையைச் செய்கிறது. அதை இணையச் சேவையாகவும் பயன்படுத்தலாம், நம் சர்வரில் நாமே நிறுவியும் கொள்ளலாம்.

ஒரு மருந்து மொத்த வியாபாரியின் கணக்குத் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். தினமும் இரவு 2 மணிக்கு நகல் எடுக்க வேண்டும். வழக்கமாக 40 நிமிடம் ஆகிறது. ஸ்கிரிப்ட் இவ்வளவுதான்:

```
#!/bin/bash
set -euo pipefail
F=/backup/kanakku-$(date +%F).sql.gz
pg_dump kanakku | gzip > "$F"
test "$(stat -c %s "$F")" -gt 50000000
curl -fsS -m 10 --retry 5 -o /dev/null https://hc-ping.com/your-uuid
```

காவலனுக்குத் தகவல் சொல்வது கடைசி வரி. your-uuid என்ற இடத்தில் நமக்குத் தரப்பட்ட நீண்ட குறியீடு வரும். பத்து நொடிக்குள் பதில் வராவிட்டாலோ இணைப்பு தடுமாறினாலோ ஐந்து முறை வரை மறுபடி முயலும்படி அந்த வரியிலேயே சொல்லியிருக்கிறோம்.

இரண்டாவது வரியில்தான் உயிர் இருக்கிறது. அதில் உள்ள e என்ற எழுத்து, எந்தக் கட்டளை தோற்றாலும் அங்கேயே நின்றுவிடு என்கிறது. அது இல்லையென்றால் நகல் தோற்றாலும் ஸ்கிரிப்ட் கீழே இறங்கிப்போய், எல்லாம் முடிந்தது என்று காவலனிடம் சொல்லிவிடும். pipefail இன்னும் நுட்பமானது. நான்காவது வரியில் pg_dump எடுப்பதை gzip வாங்கிச் சுருக்குகிறது. இப்படி இரண்டைக் கோத்தால், கடைசியில் இருப்பது வென்றதா என்று மட்டுமே வழக்கமாகப் பார்க்கப்படும். கிட்லேப்பில் நடந்ததுபோல் pg_dump பிழையோடு நின்றாலும், ஒன்றும் வராத இடத்தில் gzip வெறும் 20 பைட் கோப்பு ஒன்றை எழுதிவிட்டு, வேலை வெற்றி என்று சொல்லும். காவலனும் நம்பிவிடும். pipefail போட்டால் இரண்டில் எது தோற்றாலும் தோல்விதான்.

ஐந்தாவது வரி கோப்பின் அளவைப் பார்க்கிறது. வழக்கமாக 80 எம்பி வரும் நகல் 50 எம்பிக்குக் குறைந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும், காவலனுக்குத் தகவல் போகாது. எந்தச் சோதனை வைத்தாலும் அதைத் தகவல் வரிக்கு மேலே வைக்க வேண்டும். கீழே வைத்த சோதனை வீண்.

அடுத்து, காவலனிடம் நேரம் சொல்வது. இரவு 2 மணி, 90 நிமிடம் பொறு என்று சொன்னால் மூன்றரைக்குள் தகவல் வராதபோது மணி அடிக்கும். 40 நிமிட வேலைக்கு 45 நிமிடம் என்று இறுக்கிப் பிடிக்கக் கூடாது. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் வேலை ஒரு மணி நேரம் ஓடும். காரணமில்லாமல் மணி அடிக்கும். இரண்டு வாரம் இப்படிப் பொய்யாக அடித்தால் யாராவது அதை அமர்த்திவைப்பார்கள், அதன் பிறகு காவலன் இருந்தும் பயனில்லை. ஒரு நாள் முழுக்கப் பொறு என்று தளர்த்தினாலும் தவறு. முதல் இரவு நகல் இல்லை என்பது மறுநாள் இரவு 2 மணிக்குத்தான் தெரியும். இன்னொன்று, வாடகை சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். அங்கே 2 மணி என்பது நமக்குக் காலை ஏழரை. சர்வர் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறதோ அதையே காவலனுக்கும் சொல்ல வேண்டும்.

ஸ்கிரிப்ட் கிளம்பவில்லையா, கிளம்பி நடுவில் தொங்குகிறதா என்று பிரித்தறிய விரும்பினால், தொடக்கத்திலும் ஒரு தகவல் அனுப்பலாம். அதே முகவரியின் முடிவில் /start என்று சேர்த்தால் போதும். வேலைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்ற கணக்கும் அதில் கிடைக்கும். அந்த நேரம் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால், பொறுக்கும் அளவை மாற்ற வேண்டிய காலம் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

காவலனை எங்கே வைப்பது? நகல் எடுக்கும் அதே சர்வரில் வைத்தால், சர்வர் போகும்போது காவலனும் சேர்ந்து போகும். வேறு கணினியில், முடிந்தால் வேறு நிறுவனத்தின் இணைப்பில் இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் எச்சரிக்கை அனுப்பும் அமைப்புக்கே இந்த முறையைப் போடுகிறார்கள். புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளுக்காகப் பலர் பயன்படுத்தும் விதித் தொகுப்பில் வாட்ச்டாக் என்று ஒரு எச்சரிக்கை உண்டு. அது எந்நேரமும் ஒலித்துக்கொண்டே இருக்கும்படி எழுதப்பட்டது. அந்த ஒலி வெளியில் உள்ள காவலனுக்குப் போய்க்கொண்டிருக்கும் வரை எச்சரிக்கைப் பாதை திறந்திருக்கிறது என்று பொருள். ஒலி நின்றால் காவலன் ஆளைக் கூப்பிடும்.

இந்தத் துடிப்பு சொல்லாத ஒன்றும் உண்டு. கோப்பு உருவானது, அளவு சரியாக இருந்தது என்பது வரை அதற்குத் தெரியும். அந்த நகலிலிருந்து கணக்கை மீட்க முடியுமா என்பது வேறொரு காலி தரவுத்தளத்தில் நகலை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். அதையும் மாதம் ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்டாக எழுதி, நேற்றைய பில்கள் அதில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தபின் தகவல் சொல்லச் சொல்லலாம். அதற்குத் தனி முகவரி, தனிக் காவல்.

எல்லாம் அமைத்த பிறகு ஒரு சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். crontab-இல் அந்த வரிக்கு முன்னால் # குறி போட்டு ஓர் இரவு நிறுத்திவையுங்கள். நகலைக் கையால் எடுத்துவிட்டு, தகவல் வரியை மட்டும் ஓடவிடாமல் காத்திருங்கள். மூன்றரைக்கு எச்சரிக்கை வருகிறதா, யாருடைய கைபேசிக்கு வருகிறது, மின்னஞ்சல் ஸ்பேம் கோப்புறைக்குள் போய் விழுகிறதா என்று பாருங்கள். அந்த எண்ணுக்கு உரியவர் வேலையை விட்டுப் போய் மாதங்கள் ஆகியிருந்தால், அதுவும் அந்த இரவில் தெரிந்துவிடும். பார்த்து முடித்ததும் # குறியை எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்துவிடாதீர்கள். ஒருமுறை மணி அடித்த காவலன், அடுத்த தகவல் வரும் வரை மறுபடி அடிக்காமல் இருக்கலாம்.