ஆட்டம் தெரியாதவர்க்கு ஆட்டப் படம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். கிரிக்கெட் பார்க்காத மாணவன் எங்கள் வகுப்பில் அநேகமாக நான் ஒருவனே! என் தாயாருக்கோ எந்த விளையாட்டும் தெரியாது. கம்பத்திலிருந்து விடியலில் ஜீப்பேறி, மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர். ஞாயிறு ஒன்றே ஓய்வு. அந்த மூன்று மணி நேரத்தை வீணாக்க எனக்கு மனமில்லை. ஆகவேதான் இந்த ஆராய்ச்சி.

முதலில் நான் தேர்ந்தெடுத்த '83' (2021) பலிக்கவில்லை. 1983 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேயிடம் 17 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்த இந்தியாவைக் கபில்தேவ் 175 ஓட்டங்கள் எடுத்து மீட்டார். அந்த ஆட்டத்தின் படப்பதிவு கிடையாது. காணக் கிடைக்காததைத் திரையில் காண்பதில்தான் ரசிகனுக்குப் புல்லரிப்பு. அந்த நினைவே இல்லாத என் தாயார், "இவுக எதுக்குடா இம்புட்டுக் கத்துறாக?" என்று கேட்டார். படம் குறையுடையதன்று, பார்ப்பவர் பாதியைக் கொண்டுவர வேண்டும், அவ்வளவே.

'லகான்' (2001) அவ்வாறு எதையும் கேட்பதில்லை. அதில் வரும் கிராமத்தாருக்கே கிரிக்கெட் தெரியாது. நம் கிட்டிப்புள்ளைப் போன்றதுதான் என்று எண்ணித் தொடங்குகிறார்கள். அவர்கள் கற்கும்போதே நாமும் கற்கிறோம். தோற்றால் மும்மடங்கு வரி, வென்றால் மூன்றாண்டு வரியில்லை. வசனத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, வானம் பார்த்த பூமியில் பிறந்த என் தாயார் அந்தக் கணக்கை உடனே பிடித்துக்கொண்டார்.

ஆனால் மிகவும் பொருந்தியது 'லப்பர் பந்து' (2024). தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. நடுத்தர வயதிலும் மட்டையை விடாத கெத்து, பந்து வீசும் இளைஞன் அன்பு. இருவருக்கும் ஆடுகளத்தில் பகை. அன்பு விரும்பும் துர்காவோ கெத்தின் மகள். கெத்தின் மனைவி யசோதைக்குக் கிரிக்கெட் என்றாலே ஆகாது. டிராக்டரைக் கொண்டுவந்து ஆடுகளத்தையே உழுதுவிடுகிறாள்! அங்கே என் தாயார் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். கிரிக்கெட்டை வெறுப்பவளுக்கும் கதையில் ஓர் இடம் இருப்பதால், விளையாட்டறியாதவர் அவள் பக்கம் நின்று பார்க்கலாம். கெத்து அடித்தால் அன்புக்குத் தோல்வி. ஆட்டமிழந்தாலோ மாமனாராக வேண்டியவர் மனம் முறியும். பந்து எப்பக்கம் போனாலும் ஒரு வீடு அடிபடும். அதைப் புரிந்துகொள்ள விதிகள் வேண்டியதில்லை.

இதிலிருந்து ஒரு சோதனை கண்டுகொண்டேன். பெரிய ஆட்டம் தொடங்குமுன் படத்தை நிறுத்தி, "தோத்தா என்னம்மா போகும்?" என்று கேட்பேன். "கோப்பை" என்றால் படம் எங்களுக்கானதன்று. வரி, மகளின் கல்யாணம் என்று பதில் வந்தால் தொடரலாம்.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. 'லப்பர் பந்'திலேயே குடும்பம் மறைந்து ஆட்டம் மட்டும் நீளும் இடங்களில் என் தாயார் எழுந்துபோய் உலை வைத்தார். யசோதை திரையில் வந்ததும் குரல் கொடுக்கச் சொல்லியிருந்தார், கொடுத்தேன்.