பள்ளத்தில் வாங்கியவர்களின் சராசரி விலை: ஆங்கர்டு விவாப் கோட்டை எப்படிப் படிப்பது?

ஒரு பங்கு பெரிய பள்ளத்துல இருந்து எழுந்து நல்லா ஏறிடுச்சு. இப்போ மறுபடி இறங்குது. இது நடுவுல மூச்சு வாங்குற இறக்கமா, இல்ல ஏற்றமே முடிஞ்சிருச்சா? கையில அந்தப் பங்கை வச்சிருக்கிறவங்களுக்கு தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி இது. இதுக்கு நான் முதல்ல பார்க்குற ஒரு கோட்டைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன்: ஆங்கர்டு விவாப்.

விவாப்னா, வால்யூமுக்கு ஏத்த எடை போட்ட சராசரி விலை. வழக்கமான விவாப் தினமும் காலையில சந்தை திறக்கும்போது புதுசா கணக்கை ஆரம்பிக்கும். ஆங்கர்டு விவாப்ல, கணக்கு எங்கே ஆரம்பிக்கணும்னு நாமதான் சொல்றோம். நங்கூரம் போடுற மாதிரி ஒரு கேண்டிலைத் தேர்ந்தெடுத்தா, அங்கிருந்து இன்னைக்கு வரைக்கும் நடந்த மொத்த வியாபாரத்தோட சராசரியை அது காட்டும். இந்த முறையைப் பிரபலமாக்கினவர் அமெரிக்க டிரேடர் பிரையன் ஷானன். அவருக்கு முன்னாடியே, 1990கள்ல, பால் லெவின்னு ஒரு இயற்பியலாளர் மைடாஸ்ங்கிற பேர்ல இதே மாதிரியான யோசனையை எழுதியிருக்கார்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். இது கற்பனைப் பங்குதான். 400 ரூபாய் வரைக்கும் விழுந்து, அங்கிருந்து எழுந்திருக்கு. முதல் வாரம் சராசரியா 420 ரூபாய்ல 30 லட்சம் பங்குகள் கைமாறுது. ரெண்டாவது வாரம் 450 ரூபாய்ல 20 லட்சம். மூணாவது வாரம் 480 ரூபாய்ல 10 லட்சம். ஒவ்வொரு வாரமும் விலையை வால்யூமால பெருக்கி, மூணையும் கூட்டி, மொத்த வால்யூமான 60 லட்சத்தால வகுத்தா 440 வரும். மூணு விலையோட சாதாரண சராசரி 450. அப்போ ஏன் 440? நிறைய பேர் கீழேயே வாங்கிட்டாங்க. கோடு அவங்க பக்கம் சாஞ்சிருக்கு.

இந்த 440தான் விஷயம். பள்ளத்துக்கு அப்புறம் உள்ளே வந்தவங்களோட சராசரி அடக்க விலை, தோராயமா இதுதான். விலை இதுக்கு மேல இருக்கிற வரைக்கும் அவங்கள்ல சராசரி ஆள் லாபத்துல இருக்கார், பதறி விக்கத் தேவையில்லை. விலை இறங்கி 440 கிட்ட வந்தா, ஏற்றத்தைத் தவறவிட்டவங்களுக்கு இவங்க வாங்கின விலையிலேயே இன்னொரு வாய்ப்பு கிடைக்குது. ஏற்கெனவே வாங்கினவங்களும் கொஞ்சம் சேர்க்கலாம். அதனாலதான் அந்த இடத்துல ஆதரவு வர வாய்ப்பிருக்கு.

இப்போ நாலாவது வாரத்துக்கு வருவோம். இதை ரெண்டு விதமா யோசிச்சுப் பாருங்க.

முதல் விதம்: விலை 443 வரைக்கும் இறங்குது, ஆனா வியாபாரம் வெறும் 10 லட்சம்தான். வாரச் சராசரி 456, வாரம் முடியும்போது விலை 462. கோடு 440ல இருந்து 442க்கு ஏறுது. கோட்டுப் பக்கத்துல வந்தும் விக்க ஆள் இல்லை, திரும்பிடுச்சு. ஏற்றம் உயிரோடதான் இருக்கு.

ரெண்டாவது விதம்: 40 லட்சம் பங்குகள் 430 சராசரியில கைமாறி, வாரக் கடைசியில விலை 425. கோடே 436க்கு இறங்கிடுது. இப்போ பள்ளத்துக்கு அப்புறம் வாங்கின சராசரி ஆளுக்குப் பங்குக்கு 11 ரூபாய் நஷ்டம். இனிமே விலை 436 கிட்ட ஏறினா, "போட்ட காசு வந்தா போதும்"னு விக்கிறவங்க காத்திருப்பாங்க. தாங்கின கோடே இப்போ தடையா மாறும்.

கவனிச்சீங்களா? 400ல ஒரு நேர்கோடு போட்டிருந்தா அது அங்கேயே நிக்கும். இந்தக் கோடு ஒவ்வொரு வியாபாரத்தோடயும் நகருது. அதனாலதான் இதை டைனமிக் சப்போர்ட்னு சொல்றோம். இன்னொன்னு: கேண்டிலோட வால் கோட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்ததை வச்சு நான் முடிவெடுக்க மாட்டேன். எங்கே முடியுது, எவ்வளவு வால்யூமோட முடியுதுங்கிறதைத்தான் பார்ப்பேன்.

அடுத்து, நங்கூரத்தை எங்கே போடுறது? எல்லாச் சின்னப் பள்ளத்துக்கும் ஒரு கோடு போட்டா, ஏதோ ஒரு கோட்டுல விலை தொடத்தான் செய்யும். அது நம்மளையே நாம ஏமாத்திக்கிறது. பெரிய ஸ்விங் லோன்னு நான் எதைச் சொல்வேன்னா, அதுக்கு முன்னாடி தெளிவான நீண்ட இறக்கம் இருக்கணும், அங்கே வால்யூம் வழக்கத்தை விட அதிகமா இருக்கணும், அதுக்கு அப்புறம் இறக்கத்தோட கடைசி உச்சியை விலை தாண்டியிருக்கணும். மூணாவது நிபந்தனை நிறைவேறின பிறகுதான் அது பள்ளம்னே தெரியும். அப்போ திரும்பிப் போய், அந்தக் குறைஞ்ச விலை வந்த கேண்டில்ல நங்கூரம் போடுவேன். டிரேடிங்வியூ சார்ட்ல `Anchored VWAP`னு தேடி எடுத்து, அந்தக் கேண்டில் மேல ஒரு கிளிக் பண்ணினா போதும்.

நமக்கு நல்லா ஞாபகம் இருக்கிற ஒரு பெரிய பள்ளம் 2020 மார்ச் 24. ஊரடங்கு அறிவிப்பு வந்த அதே நாள். அன்னைக்கு நிஃப்டி 7,511 வரைக்கும் போச்சு. அந்த வருஷக் கடைசியில 14,000 கிட்ட இருந்தது. இந்தக் கோட்டோட எல்லை இங்கதான் புரியும். நடுவுல பல மாசம் நிஃப்டி 9,000க்கும் 12,000க்கும் நடுவுலதான் இருந்தது, அதனால சராசரியும் அந்த எல்லைக்குள்ளதான் இருக்கும். டிசம்பர்ல வாங்கினவருக்கு அவ்வளவு கீழே இருக்கிற கோட்டால என்ன பயன்? அந்த மாதிரி நேரத்துல, வழியில உருவான அடுத்த பெரிய பள்ளத்துல இன்னொரு நங்கூரம் போட்டு, பக்கத்துல இருக்கிற கோட்டைப் பார்க்கணும். பழைய கோட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. அதுக்குள்ள சேர்ந்த வால்யூம் அதிகமாக ஆக, புது வியாபாரத்தால அதை நகர்த்தவே முடியாது. கிட்டத்தட்ட படுத்துடும்.

நிஃப்டி ஒரு குறியீடு. அதை நேரடியா யாரும் வாங்கி விக்கிறதில்லை. அதனால வால்யூம் கணக்குக்கு `NIFTYBEES` மாதிரி நிஜமா வியாபாரம் ஆகிற ஒன்னுல கோடு போடுறது நல்லது.

தனிப் பங்குல போனஸ், ஸ்ப்ளிட் வந்திருந்தா அதையும் கவனிங்க. ஒன்னுக்கு ஒன்னு போனஸ் வந்தா, சார்ட் பழைய விலையைப் பாதியாக்கும். பழைய வால்யூமை ரெண்டு மடங்காக்கணும். அதைச் செய்யலைன்னா, கீழே நடந்த வியாபாரத்துக்கு எடை குறைஞ்சு, கோடு உண்மையை விட மேல நிக்கும். போனஸ் தேதிக்கு அப்புறம் திடீர்னு தினசரி வால்யூம் ரெண்டு மடங்கா தெரிஞ்சா, சந்தேகப்படுங்க.

கடைசியா, இது அசலான அடக்க விலை இல்லை. ஒரே பங்கு ஒரே நாள்ல பத்து தடவை கைமாறினா, பத்து தடவையும் கணக்குல வரும். காலையில வாங்கி மத்தியானம் வித்தவருக்கு நாளைக்கு அந்த விலை மேல எந்தப் பாசமும் இருக்காது. அதனால டெலிவரி சதவீதம் ரொம்பக் குறைவா இருக்கிற பங்குகள்ல இந்தக் கோட்டை நான் கம்மியாத்தான் நம்புவேன். நிறைய பேர் வாங்கி வச்சிருக்கிற பங்குல, அந்த முதல் இறக்கம் கோட்டுக்கு வரும்போது மட்டும் உன்னிப்பா பார்ப்பேன். கோட்டுக்கு மேல முடிஞ்சா கூட இருப்பேன். கனமான வால்யூமோட கீழே முடிஞ்சா, வெளியே வந்துடுவேன்.