ஒட்டுவதற்கு முன் தடுக்கும் மருந்துகள்

எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ.வாகச் சுமந்து வருகிறது. நம் செல்லுக்குள் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி அதைப் பார்த்து டி.என்.ஏ. எழுத, இன்டகிரேஸ் நொதி அதை நம் குரோமோசோமில் ஒட்டிவிடுகிறது. ஒட்டியதைப் பிரித்தெடுக்கும் மருந்து இன்றும் இல்லை. அதனால்தான் இந்த இரண்டு நொதிகளும் இலக்காயின.

1987-இல் அனுமதி பெற்ற ஏ.இசட்.டி., டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றைப் போலவே இருக்கும். வைரஸின் நொதி ஏமாந்து அதைக் கோத்துவிட்டால், அடுத்த எழுத்தைப் பிடிக்கும் கொக்கி அதில் இல்லாததால் சங்கிலி அங்கேயே நின்றுவிடும். ஆனால் அந்த நொதி தான் எழுதியதைச் சரிபார்ப்பதில்லை. அதன் பிழைகள் சில, மருந்துக்கு மசியாத வைரஸை உருவாக்கிவிடும். ஆகவே கூட்டு மருந்துகள் வந்தன.

2007-இல் வந்த ரால்டெக்ராவிர், இன்டகிரேஸின் மெக்னீசிய அயனிகளைப் பற்றிக்கொண்டு ஒட்டும் வேலையை நிறுத்துகிறது. முன்பே ஒட்டியதை அதுவும் தொடாது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோரிடம் சில வாரங்களில் வைரஸ் திரும்புவது இதனால்தான்.