பேனரை எடுத்துடுங்க, ஒரு பொண்ணைச் சேர்த்துடுங்க

பாரூர்ப் பக்கம் ஒரு பள்ளியின் ஆண்டு மலருக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் வேலையை இந்த முறை நான் ஏற்றுக்கொண்டேன். ஒரு நாள் இரவு பத்தாம் வகுப்பு ஆசிரியையிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படமும் இந்தச் செய்தியும் வந்தன:

"சார் வணக்கம். க்ளாஸ் குரூப் போட்டோ அனுப்பியிருக்கேன். பின்னாடி இருக்கற பேனரை எடுத்துடுங்க. அன்னைக்கு ஒரு பொண்ணு வரலை, அவளையும் சேர்த்துடுங்க. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருக்கு, அனுப்பட்டுமா?"

முந்தின நாள் விழாவுக்குக் கட்டிய பேனரை யாரும் அவிழ்க்கவில்லை. படத்தைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு முன்னால் அதிலிருக்கும் நன்கொடையாளர் முகம்தான் கண்ணில் படுகிறது. டீச்சர் கேட்டது நியாயம்தான். ஆனால் உள்ளூர் வரலாறு தேடும் எனக்குப் பழைய பள்ளிப் படங்கள்தான் பெரிய ஆதாரம். யார் எந்த வருடம் எங்கே படித்தார் என்பதைப் பல முறை படத்தின் அடியில் உள்ள "நிற்பவர்கள், இடமிருந்து வலம்" வரியை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் தயங்கினேன்.

"வராதவங்களுக்குப் பழைய ஸ்டுடியோக்காரங்க பண்ற மாதிரி மேல் மூலையில ஒரு வட்டம் போட்டு அதுக்குள்ள வெச்சிடலாமா டீச்சர்?" என்று கேட்டேன். உடனே பதில் வந்தது: "வேணாம் சார். வட்டத்துக்குள்ள போட்டா இறந்து போன பொண்ணுன்னு நினைப்பாங்க. அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னுதான் வரலை. போன வருஷப் படத்துலயும் அவ இல்லை."

இதற்கு மேல் என்னால் வாதாட முடியவில்லை. நம் ஊரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வட்டம் அப்படித்தான் தெரியும்.

பாஸ்போர்ட் படம் ஏன் உதவாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஸ்டுடியோ விளக்கில், ஓரிரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தது. குரூப் போட்டோ வெயிலில், ஏழெட்டு மீட்டர் தள்ளி எடுத்தது. வெயிலில் நிற்கும் எல்லோருக்கும் மூக்கின் நிழல் ஒரே பக்கம் விழும். ஸ்டுடியோ முகத்தில் நிழலே இருக்காது. கிட்டத்திலிருந்து எடுத்த முகத்தில் மூக்கு சற்றுப் பெரிதாகவும் காது பின்வாங்கியும் தெரியும். ஒட்டி வைத்தால் காரணம் சொல்லத் தெரியாதவர்கள்கூட "என்னமோ சரியில்லை" என்பார்கள்.

அதனால் டீச்சரிடம் மூன்று விஷயம் கேட்டேன். முதலாவது, மூலப் படத்தை வாட்ஸப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொன்னேன். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் அழிந்துவிடும். எனக்கு முதலில் வந்த படம் 1600 பிக்சல் அகலம். அதில் ஒரு தலையின் உயரம் சுமார் 50 பிக்சல்தான். மூலப் படம் 4000 பிக்சல், தலை 126 பிக்சல். எடுத்த நேரத்தை இந்தக் கட்டளை காட்டியது:

```
exiftool -DateTimeOriginal group.jpg
```

காலை 10:20. இரண்டாவது, வெயில் அடிக்கும் ஒரு நாளில் அதே நேரத்துக்கு, அதே ஃபோனை அதே இடத்தில் அதே உயரத்தில் பிடித்து அந்தப் பெண்ணை எடுக்கச் சொன்னேன். ஒரு வாரத்துக்குள் என்றால் சூரியன் பெரிதாக நகர்ந்திருக்காது. பின் வரிசை பெஞ்சு மேல் நின்றதால் அவளும் பெஞ்சு மேல் நிற்க வேண்டும், இல்லையென்றால் கேமரா பார்க்கும் கோணமே மாறிவிடும். அன்று பின் வரிசை ஓரத்தில் நின்ற தோழியும் பக்கத்தில் நிற்கட்டும் என்றேன். மூன்றாவது, பேனரை அவிழ்த்துவிட்டு வெறும் சுவரையும் ஒரு படம் எடுக்கச் சொன்னேன்.

தோழி எதற்கு என்றால், அவள்தான் அளவுகோல். புதுப் படத்தில் கொஞ்சம் முன்னால் வந்து எடுத்துவிட்டார்கள், தோழியின் தலை 210 பிக்சல் இருந்தது. பழைய படத்தில் 126. 126-ஐ 210-ஆல் வகுத்தால் 0.6. புதுப் படம் முழுவதையும் 60 சதவீதமாகச் சுருக்கினால் இந்தப் பெண்ணும் சரியான அளவுக்கு வந்துவிடுவாள். உயரத்தை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. சுருக்குவதால் படம் மங்காது, பெரிதாக்கினால்தான் மங்கும்.

அவளை வரிசையின் நடுவில் வைக்கவில்லை. நடுவில் என்றால் இரண்டு பக்கமும் தோள்களை நகர்த்த வேண்டும், அது நின்றவர்கள் படத்தையும் மாற்றுவதாகிவிடும். இடது ஓரத்தில் தோழிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. கிம்ப்பில் அவளைத் தனி லேயராக வைத்து, லேயர் மாஸ்க் போட்டு, முன் வரிசைத் தலைகளுக்குப் பின்னால் இடுப்புக்குக் கீழே மறைத்தேன். சுவரில் விழும் அவள் நிழலையும் சேர்த்தேதான் கொண்டு வந்தேன். நிழலை விட்டுவிட்டால் ஆள் மிதப்பது போலத் தெரியும்.

பேனர் சுலபம் என்று நினைத்தேன், அதில்தான் அதிக நேரம் போனது. மேலே வெட்டிவிடலாம் என்றால் பின் வரிசைத் தலைகள் பேனர் மேல் வருகின்றன. `Clone` கருவியால் பக்கத்துச் சுவரை எடுத்துப் பூசினால் ஒரே கறை நாலு இடத்தில் வரும். படம் திருத்தப்பட்டதா என்று பார்ப்பவர்கள் முதலில் தேடுவது அந்த மாதிரித் திரும்ப வரும் கறையைத்தான். என்னிடம் உண்மையான சுவரின் படம் இருந்ததால் அதையே அடியில் வைத்து, ஜன்னல் மூலைகளைப் பொருத்தினேன். மிச்சம் முடி ஓரங்கள்தான். பேனரின் மஞ்சள் நிறம் முடி இழைகளுக்கு நடுவே தங்கிவிடும். அந்த ஓரங்களில் மட்டும் மஞ்சளைக் குறைத்தேன். இரண்டு, மூன்று தலைகளில் சில இழைகளை இழக்கத்தான் வேண்டியிருந்தது. அச்சில் தலை ஆறேழு மில்லிமீட்டர்தான் என்பதால் தெரியவில்லை.

இப்படிச் செய்வது புதிதல்ல. 1870-ல் கனடாவின் மாண்ட்ரியாலில் வில்லியம் நாட்மன் ஒரு பனிச்சறுக்கு விழாவைப் படமாக்கினார். அவ்வளவு பெரிய கூட்டத்தை அந்தக் காலக் கேமராவில் ஒரே முறையில் பிடிக்க முடியாது. அதனால் விழா உடையில் ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லி ஒவ்வொருவராக எடுத்து, கத்தரித்து, வரைந்த பின்னணியில் ஒட்டி, திரும்பவும் படமெடுத்தார். வாங்கியவர்களுக்கு அது ஒட்டுவேலை என்று தெரியும். அதனால் அதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை.

நம் படத்திலும் பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டும் என்று நினைத்தேன். படத்தின் அடியில் "இடது ஓரத்தில் உள்ளவர் பின்னர் சேர்க்கப்பட்டார்" என்று எழுதி அனுப்பினேன். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. "அப்புறம் வட்டம் போட்டதுக்கும் இதுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்றார். அவர் சொன்னது சரி. கடைசியில் பெயர் வரிசையில் அவள் பெயரை மற்றவர்களைப் போலவே போட்டுவிட்டு, அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தோம்: "இரண்டு நாட்களில் எடுத்த படங்களை இணைத்தது, பின்னணி பேனர் நீக்கப்பட்டது." யாரையும் சுட்டிக்காட்டாத வரி, ஆனால் பொய் இல்லை.

யாரைச் சேர்த்தோம், எதை நீக்கினோம் என்ற விவரம் பள்ளியில் இருக்கிறது. மூலப் படம், புதுப் படம், சுவர்ப் படம், இணைத்த படம் நான்கையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, ஒரு குறிப்பும் எழுதி ஒரு பென் டிரைவில் கொடுத்தேன். முப்பது வருடம் கழித்து என்னைப் போல யாராவது தேடி வந்தால், அன்று காலை 10:20-க்கு அங்கே யார் நின்றார்கள் என்பது அதில் கிடைக்கும். அந்த வகுப்பில் யார் யார் படித்தார்கள் என்பது மலரில் கிடைக்கும்.