கன்று, ஆடுகளில் சொறியும் படர்தாமரையும்

சொறி, படர்தாமரை ஆகியவை கன்றுகளையும் ஆடுகளையும் தாக்கும் தொற்றும் தோல் நோய்கள். இரண்டிலும் முடி உதிர்ந்து பொருக்குக் கட்டுவதால் ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடுவது உண்டு. சொறிக்குக் காரணம் சிற்றுண்ணி. படர்தாமரைக்குக் காரணம் பூஞ்சை. ஆகவே ஒன்றின் மருந்து மற்றொன்றைக் குணப்படுத்தாது.

அடையாளம்

இரண்டையும் பிரித்தறிய முதல் குறி அரிப்பு. ஆடுகளில் பெரும்பாலும் சொறியை உண்டாக்கும் சார்கோப்டிஸ் உண்ணி தோலுக்குள் துளைத்து வாழ்வதால் ஆடு ஓயாமல் சுவரிலும் தூணிலும் உரசும். முகத்திலும் காதிலும் தொடங்கும் புண் ஒழுங்கற்றுப் பரவும். நாளடைவில் தோல் தடித்து மடிப்பு விழும்.

படர்தாமரை கன்றுகளில் மிகுதி. கண்ணைச் சுற்றியும் காதிலும் கழுத்திலும் வட்டமான, சாம்பல் நிறப் பொருக்குகள் தோன்றும். அரிப்பு இராது, அல்லது மிகக் குறைவாக இருக்கும்.

ஐயம் இருந்தால், புண்ணின் ஓரத்தை இரத்தம் லேசாகக் கசியும்வரை சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். புண்ணின் நடுவில் எடுத்த மாதிரியில் உண்ணி அகப்படாமல் போகலாம். பூஞ்சையைக் காண ஓரத்து முடிகளையும் பிடுங்கிச் சேர்க்க வேண்டும்.

சிகிச்சை

சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி தோலுக்கடியில் போடப்படுகிறது. அளவு, கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம். 20 கிலோ ஆட்டுக்கு 4 மில்லிகிராம் தேவை. 1 சதவீத மருந்தில் அது 0.4 மில்லி. இம்மருந்து முட்டைகளைக் கொல்லாது. ஒரே ஊசியுடன் நிறுத்தினால், பொரித்து வரும் உண்ணிகளால் நோய் திரும்பும். எனவே 14 நாள் கழித்து மீண்டும் போட வேண்டும். கறவை ஆடுகளுக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்டே போட வேண்டும். மருந்து பாலில் கலக்கும்.

படர்தாமரைக்குப் பொருக்கை வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெதுவாக எடுத்து எரித்துவிட்டு, அயோடின் கரைசலைத் தடவி வர வேண்டும். கண்ணருகே தடவும்போது கண்ணில் படக்கூடாது. நல்ல உடல்நிலையில் உள்ள கன்றுகளில் இந்நோய் சில மாதங்களில் தானே ஆறும். சிகிச்சை புண் ஆறுவதை விரைவாக்கி, பரவலைக் குறைக்கும்.

கொட்டகையில் பரவல் தடுப்பு

ஐந்து ஆடுகளில் ஒன்றுக்குச் சொறி வந்தால் ஐந்துக்கும் ஒரே நாளில் ஊசி போட வேண்டும். அறிகுறி தோன்றாத ஆட்டிலும் உண்ணி இருக்கக்கூடும். பழைய படுக்கையை எரித்து, கொட்டகையைக் கழுவிக் காயவிட வேண்டும்.

பூஞ்சையின் வித்துகள் மரத்தூணிலும் தொட்டியின் விளிம்பிலும் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் உயிருடன் இருக்கும். அவற்றைச் சுரண்டித் தேய்த்துக் கழுவியபின் பிளீச்சிங் பவுடர் கரைசலை அடிக்க வேண்டும். அழுக்கின்மேல் அடித்தால் அது வேலை செய்யாது. நோயுற்ற கன்றைத் தனியே கட்டி, அதன் கயிற்றையும் தேய்க்கும் பிரஷையும் மற்றவற்றுக்குப் பயன்படுத்தாதிருக்க வேண்டும்.

இரு நோய்களும் மனிதருக்கும் தொற்றும். கையுறை அணிந்து மருந்திட்டு, பின் சோப்பால் கை கழுவ வேண்டும்.