ஒற்றைக் காசளவு முகம்

வாழ்நாள் முழுக்கத் தனியாக ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாதவர்கள் நம் வீடுகளில் நிறைய இருந்தார்கள், அதிலும் அம்மாக்கள். இறந்த மறுநாள் பீரோவைக் குடைந்தால் கிடைப்பது யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ மட்டும்தான். மகன் அதை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடுவார். எங்கள் ஊர் பிரேம் கடைக்கு அப்படி வந்த படம் ஒன்று: 6க்கு 8 அங்குலம், இரண்டு வரிசையில் 14 பேர். அம்மா பின்வரிசையில் மூன்றாவது. இடது தோளை முன்னால் நிற்கும் பையனின் தலை மறைக்கிறது.

“12க்கு 15 போட்டுருங்கண்ணே. சாயங்காலம் வேணும்.”

“போடலாம் தம்பி. முதல்ல ஒட்டியிருக்கிற ஆல்பத்தோடயே கொண்டாங்க, பிய்க்காதீங்க. போன்ல எடுத்து அனுப்புனது ஆகாது.”

அவர் சொன்னதில் காரணம் இருக்கிறது. போனில் எடுத்தால் பளபளப்புத் தாளில் விளக்கொளி வெள்ளையாக விழும்; படம் கோணும்; வாட்ஸ்அப் வழியாக அனுப்பும்போது இன்னும் சுருங்கும். ஸ்கேனரில் வைத்தால் இந்தத் தொல்லைகள் இல்லை. நெகட்டிவ் கிடைத்தால் அதைவிட நல்லது. ஆனால் அதை யார் பத்திரப்படுத்தினார்கள்?

வெட்டி எடுப்பதுதான் கஷ்டம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் இதில் சுலபமான வேலை அதுதான். அந்தக் காலத்தில் பிளேடால் வெட்டி, ஒட்டி, மறுபடி கேமராவில் எடுத்து, நெகட்டிவில் பென்சிலால் ‘டச்சிங்’ செய்வார்கள். இப்போது போட்டோஷாப்பில் முகத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தனியாக்கிவிடலாம். கணக்கு உதைப்பது வேறு இடத்தில்.

அந்தப் படத்தில் அம்மாவின் முகம் நெற்றியிலிருந்து தாடை வரை 1 சென்டிமீட்டர். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் உயரத்துக்குச் சுமார் 236 புள்ளிகள் கிடைக்கும். ஒரு கண்ணுக்கு 40 புள்ளி தேறலாம். 12க்கு 15 பிரேமை நிறைக்க முகம் 12 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். அப்போது அங்குலத்துக்கு 50 புள்ளிதான் வரும். நல்ல பிரிண்டுக்கு 200, 300 கேட்கும். ஸ்கேனரில் 2400 வைத்தாலும் பயனில்லை. அச்சில் இல்லாத கண்ணிமையை அது எங்கிருந்து கொண்டுவரும்? தாளின் சொரசொரப்புதான் பெரிதாகித் தெரியும்.

இங்கேதான் பல கடைக்காரர்கள் சறுக்குகிறார்கள். மங்கலை மறைக்க முகத்தை மழமழவென்று தேய்க்கிறார்கள், கண்ணுக்குக் கரிய கோடு இழுக்கிறார்கள். கன்னத்துக் குழி போய்விடுகிறது, வயது 20 குறைந்துவிடுகிறது. படத்தைப் பார்த்து, “இது யாரு, எங்க சித்தியா?” என்று கேட்ட வீட்டை எனக்குத் தெரியும்.

இன்னொரு வம்பு உடம்பு. தோள் மறைந்திருப்பதால் கணினியில் தயாராக வைத்திருக்கும் பட்டுப்புடவை உடம்பு ஒன்றில் தலையைப் பொருத்துவார்கள். பொருந்தியதா என்று கண்டுபிடிக்க மூக்கின் நிழலையும் புடவை மடிப்பின் நிழலையும் பார்த்தால் போதும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் விழுந்தால் ஒட்டு வேலை. அதைச் சரிக்கட்ட முகத்தையே இடவலமாகத் திருப்பிவிடுவதும் உண்டு. மூக்குத்தி மறுபக்கம் போய்விடும், மச்சமும் போய்விடும். ஆம்பளைகள் படத்தை உடம்போடு சேர்த்துத் திருப்பினால் சட்டைப் பை வலது மார்பில் இருக்கும்.

நம் கடைக்காரர் அந்த வேலைக்குப் போகவில்லை. பையனின் தலையை மட்டும் எடுத்துவிட்டு, அம்மாவின் வலது தோளில் தெரிந்த அதே புடவையின் துணியைக் கொண்டே இடது தோளை நிரப்பினார். படம் பழசாகிச் சிவப்பேறியிருந்ததால் நிறத்தைக் கொஞ்சம் சமன் செய்தார். தலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. மகன் நிமிர்த்தச் சொன்னார். கூட வந்த அத்தை விடவில்லை. “அண்ணி எப்பவும் அப்படித்தான்டா நிப்பாங்க.” என் ஓட்டும் அத்தைக்குத்தான். ஆளை அடையாளம் காட்டுவதில் நிற்கிற விதத்துக்கும் பங்கு உண்டு.

அளவுக்கு அவர் சொன்ன வழி எளிமையானது. பிரேம் 12க்கு 15ஆகவே இருக்கட்டும், முகத்தை மட்டும் 6 சென்டிமீட்டரோடு நிறுத்துவோம். சுற்றிலும் வெளிர் நீலப் பின்னணி, கீழே தோற்றம், மறைவு தேதிகள். புள்ளிக் கணக்கு இப்போது அங்குலத்துக்கு 100. கையில் வைத்துப் பார்த்தால் மங்கல்தான். ஆனால் இது சுவரில் ஆறடி தள்ளிப் பார்க்கிற படம்.

பிரிண்ட் வந்ததும் ஓரத்தில் அட்டைப் பட்டை வைத்து, கண்ணாடி படத்தைத் தொடாதபடி பிரேம் போட்டார். மாலையின் ஈரம் உள்ளே இறங்கினால் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கும்போது முகம் உரிந்து வரும் என்றார். குரூப் போட்டோவைத் திருப்பிக் கொடுக்கும்போது மகன் கேட்டது: “இந்த நிறத்தைச் சரிபண்ணின மாதிரி, இதையும் முழுசா ஒண்ணு போட்டுத் தர்றீங்களாண்ணே?”